அக்டோபர் மட்டும் காணோம்

ஏற்காட்டின் காப்பித் தோட்டங்களில் பழைய மழைக் கணக்கு அங்குலத்திலும் சென்டிலும்தான் இருக்கும். சென்ட் என்றால் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு. காலையில் ஒருவர் மழைமானியைக் கவிழ்த்து அளந்து, அன்றைய தேதிக்கு எதிரே எழுதிவைப்பார். சேர்வராயன் மலையில் 1820களில் காப்பி வந்தது. காப்பிக்காரருக்கு மழையின் மொத்தத்தைவிட அது பெய்த நாள் முக்கியம். மார்ச், ஏப்ரலில் ஒரு நல்ல மழை விழுந்து எட்டுப் பத்து நாளில் செடி பூக்கும். அந்த மழை தவறினால் அந்த வருட விளைச்சலே குறையும். அதனால்தான் இவ்வளவு கவனமாக எழுதிவைத்தார்கள்.

அப்படி ஒரு தோட்டத்தின் 1961 முதல் 1996 வரையிலான பதிவேடுகளை நானும் என் மாணவர்களும் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தோம். மாதத்துக்கு ஒரு தாள், 36 ஆண்டுகள், மொத்தம் 432 கோப்புகள். `1978-மார்ச்.tif`, `1978-அக்டோபர்.tif` என்று தமிழிலேயே பெயர் வைத்தோம். அவற்றைக் கீழே சேலத்தில் ஒரு கல்லூரியின் பொது சர்வரில் போட்டுவைத்திருந்தோம். 2023 ஏப்ரலில் அங்கிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நான்கே வாக்கியங்கள்.

"நமது பழைய பொது சர்வர் மே 31 மாலை 5 மணிக்கு நிரந்தரமாக நிறுத்தப்படும். மே 15 முதல் அதில் உள்ளவற்றைப் படிக்க மட்டுமே முடியும். பயனர்கள் தங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள கோப்புகளை அதற்குள் நகலெடுத்துக்கொள்ளவும். அதன் பிறகு எதையும் மீட்டுத்தர இயலாது."

இதே போன்ற அறிவிப்பு கல்லூரி, அலுவலகம், ஆய்வுக்கூடம் என்று எங்கும் வருகிறது. பார்த்ததும் கடைசித் தேதியை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டு மூடிவிடுகிறோம். நானும் அப்படித்தான் செய்தேன். அந்த நான்கு வாக்கியங்களில் ஒவ்வொன்றும் என்ன சொன்னது என்பது அடுத்த ஐந்து வாரங்களில்தான் எனக்குப் புரிந்தது.

ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தை ஏன் நிறுத்த வேண்டும்? எங்கள் சர்வரில் இருந்த இயங்குதளம் சென்ட்ஓஎஸ் 6. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 நவம்பர் 30-உடன் நின்றுவிட்டன. அதன் பிறகு அதில் எந்த ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டாலும் அடைத்துத்தர ஆள் இல்லை. வட்டுகளின் வயதும் ஒரு காரணம். பல வருடம் நிற்காமல் சுழன்ற வட்டு, ஒருமுறை நிறுத்தி ஆறவிட்டால் மறுபடி சுழலாமலே போவது உண்டு. "எதையும் மீட்டுத்தர இயலாது" என்ற கடைசி வாக்கியத்தை மிரட்டலாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நிறுத்திய இயந்திரத்தை ஒருவருக்காக மறுபடி எழுப்ப முடியும் என்று பராமரிப்பவராலேயே உறுதி சொல்ல முடியாது.

என்னிடம் எவ்வளவு இருக்கிறது என்று முதலில் பார்த்தேன். `du -sh ~` என்று கொடுத்தால் ஹோம் ஃபோல்டரின் மொத்த அளவைச் சொல்லும். 27 ஜிபி என்றது. என் வீட்டு இணைப்பில் உண்மையில் கிடைக்கும் வேகம் வினாடிக்கு ஒரு மெகாபைட். 27 ஜிபிக்கு 27,000 வினாடி, அதாவது ஏழரை மணி நேரம். ஒரு இரவு போதும் என்று நினைத்தேன். ஆனால் ஏப்ரல் கடைசியில் ஏற்காட்டில் சாயங்காலம் இடி இடித்தால் மின்சாரம் போகும், அதோடு இணைப்பும் போகும். பாதியில் அறுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் கருவி வேண்டும். அதற்கு `rsync` இருக்கிறது.

அதை ஓட்டுவதற்கு முன்பே ஒரு தடை. என் புதிய லினக்ஸ் மடிக்கணினி பழைய சர்வரோடு பேச மறுத்தது. திரையில் வந்தது இது:

```
no matching host key type found. Their offer: ssh-rsa,ssh-dss
```

சர்வர் தன்னை அடையாளம் காட்ட ஒரு கையெழுத்துப் போடும். பழைய சர்வர்கள் அதை ஷா-1 என்ற பழைய முறையில் போடும். அந்த முறையைப் போலியாக்க முடியும் என்று தெரிந்த பிறகு, 2021 செப்டம்பரில் வந்த ஓப்பன்எஸ்எஸ்ஹெச் 8.8 முதல் அதை ஏற்பதில்லை. பழைய சர்வரிடம் இருப்பது பழைய கையெழுத்து மட்டும்தான். புதிய கணினிகள் ஒவ்வொன்றாக இப்படிக் கதவைச் சாத்திக்கொண்டே வரும். இதற்கு ஒரு வரி மாற்று வழி உண்டு:

```
ssh -o HostKeyAlgorithms=+ssh-rsa peyar@palaya-server
```

இந்த ஒரு இணைப்புக்கு மட்டும் பழைய முறையை ஏற்றுக்கொள் என்று அதற்குப் பொருள். அன்று இது எனக்குத் தெரியாது. என் மகள் விட்டுச்சென்ற பழைய மேக் கணினி அலமாரியில் இருந்தது. எடுத்து இணைத்துப் பார்த்தேன், எந்த மறுப்பும் சொல்லாமல் உள்ளே போய்விட்டது. அதுவும் அதே காலத்துக் கணினி என்பதால் பழைய கையெழுத்தை ஏற்றுக்கொண்டது. நல்லதாகப் போயிற்று என்று அதிலேயே நகலெடுக்க ஆரம்பித்தேன். பின்னால் வந்த சிக்கல் முழுக்க இங்கிருந்து கிளம்பியதுதான்.

```
rsync -aH --partial --progress peyar@palaya-server:/home/peyar/ ./home/
```

`-a` என்பது கோப்பின் தேதி, அனுமதி எல்லாவற்றையும் அப்படியே கொண்டுவரச் சொல்கிறது. தேதி சரியாக வந்தால்தான் மறுமுறை ஓட்டும்போது அளவும் தேதியும் ஒத்திருக்கும் கோப்புகளைத் தாண்டிச் செல்லும், மாறியதை மட்டும் எடுக்கும். `--partial` இருந்தால் பாதி வந்த கோப்பைத் தூக்கி எறியாது. மூன்று இரவுகளில், நான்கு மின்வெட்டுகளைத் தாண்டி, 27 ஜிபியும் வந்து சேர்ந்தது.

வந்ததைத் திறந்து பார்த்தேன். மலையில் எடுத்த ஆர்க்கிட் படங்கள் இருந்தன, கட்டுரைகள் இருந்தன. `மழை` என்ற ஃபோல்டரைச் சொடுக்கினேன், திறக்கவில்லை. சர்வரில் பார்த்தபோது காரணம் தெரிந்தது:

```
மழை -> /data1/pothu/mazhai
```

அந்த அம்புக்குறிதான் விஷயம். `மழை` என்பது ஃபோல்டரே இல்லை, வேறொரு வட்டில் இருக்கும் ஃபோல்டருக்கு வழி காட்டும் ஒரு இணைப்பு. மாணவர்கள் எல்லாரும் சேர்ந்து வேலை செய்ய வசதியாக இருக்கட்டும் என்று பல வருடத்துக்கு முன் பொது இடத்தில் வைத்து, அவரவர் ஹோமில் ஒரு வழிகாட்டியை மட்டும் போட்டிருந்தோம். நாள்பட நானே மறந்துவிட்டேன். `du` அந்த இணைப்புக்கு அப்பால் போய் எண்ணவில்லை. `rsync`-உம் வழிகாட்டிப் பலகையை மட்டும் பெயர்த்து எடுத்து வந்துவிட்டது. பலகை காட்டும் ஊர் என் மேக்கில் இல்லை.

மின்னஞ்சலின் மூன்றாம் வாக்கியம் "ஹோம் ஃபோல்டரில் உள்ள கோப்புகளை" என்றுதான் சொன்னது. அதை எழுதியவர் மேல் குற்றமில்லை. யாருடைய கோப்பு எந்தப் பொது இடத்தில் கிடக்கிறது என்று அவருக்குத் தெரிய வழியில்லை. சர்வரில் `find ~ -type l` என்று கொடுத்தால் நம் ஹோமில் உள்ள இப்படிப்பட்ட இணைப்புகள் எல்லாம் பட்டியலாக வரும். அறிவிப்பு வந்த அன்றே முதல் வேலையாக இதைச் செய்திருக்க வேண்டும். மழைக் கோப்புகள் தனியாக 11 ஜிபி. பொது ஃபோல்டரின் முழுப் பெயரைக் கொடுத்து மறுபடி ஓட்டினேன். முடிவில் இப்படி ஒரு வரி:

```
rsync error: some files/attrs were not transferred (see previous errors) (code 23)
```

மேலே தேடிப் பார்த்தால், ஒரு துணை ஃபோல்டருக்கு `Permission denied`. முன்னாள் மாணவி ஒருவர், தாள்களிலிருந்து தினசரி மழையைத் தட்டச்சு செய்து அட்டவணையாக்கி வைத்த ஃபோல்டர் அது. அவர் மட்டுமே திறக்கும்படி பூட்டியிருந்தார். இப்போது வெளிநாட்டில் இருக்கிறார். வாட்ஸப்பில் கூப்பிட்டேன்.

"சார், அந்த மெயில் எனக்கு வரவே இல்லையே" என்றார்.

அறிவிப்பு அவருடைய பழைய கல்லூரி முகவரிக்குப் போயிருக்கிறது. படிப்பு முடிந்ததும் அந்தப் பெட்டியை அவர் திறப்பதை விட்டுவிட்டார். இது இத்தகைய அறிவிப்புகள் எல்லாவற்றுக்கும் பொதுவான ஊனம். 2009-இல் யாஹூ தன் ஜியோசிட்டீஸ் சேவையை மூடுவதாக ஏப்ரலில் சொல்லி, அக்டோபர் 26 அன்று மூடியது. ஆறு மாத அவகாசம் குறைவில்லைதான். ஆனால் தொண்ணூறுகளில் அங்கே இணையப் பக்கம் போட்ட பலருக்கு, அன்று கொடுத்த மின்னஞ்சல் முகவரியே கைவிட்டுப் போயிருந்தது. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் குழு இரவு பகலாக இறக்கிவைத்ததில் ஒரு பெரும் பகுதி பிழைத்தது. அடுத்த ஆண்டு அவர்கள் வெளியிட்ட தொகுப்பு 641 ஜிபி. எங்கள் பொது ஃபோல்டருக்கு அப்படி வெளியாள் யாரும் வரப்போவதில்லை. கோப்பின் சொந்தக்காரர் யார் என்று தெரிந்தவர்கள்தான் அவர்களைத் தேடிப்பிடித்துச் சொல்ல வேண்டும்.

நல்லவேளையாக அவர் கணக்கு இன்னும் உயிரோடு இருந்தது. மே 13 அன்று உள்ளே வந்து, குழுவில் உள்ள மற்றவர்களும் படிக்கும்படி அனுமதியை மாற்றினார். இரண்டு நாள் தாமதித்திருந்தால் அது முடியாமல் போயிருக்கும். மின்னஞ்சலின் இரண்டாம் வாக்கியத்தின் கனம் எனக்கு அப்போதுதான் தெரிந்தது. "படிக்க மட்டுமே முடியும்" என்றால் புதிதாகக் கோப்பு போட முடியாது என்று மட்டும் எண்ணியிருந்தேன். அனுமதியை மாற்றுவதும் வட்டில் எழுதும் வேலைதான். சிதறிக் கிடப்பதை ஒரே பொட்டலமாகக் கட்டுவதும், கோப்புகளின் பட்டியலை அங்கேயே எழுதிவைப்பதும் எழுதும் வேலைதான். ஆக, சர்வருக்கு உள்ளே செய்ய வேண்டிய எதற்கும் கடைசி நாள் மே 14. மே 31 என்பது வெளியே இழுத்துக்கொள்வதற்கான நாள் மட்டுமே.

இந்த இடைக்காலத்தை வைப்பதற்கு நல்ல காரணம் இருக்கிறது. நான் திங்கட்கிழமை நகலெடுத்த பிறகு, செவ்வாய்க்கிழமை இன்னொருவர் அதே அட்டவணையில் ஒரு எண்ணைத் திருத்தினால், என் நகல் பழையதாகிவிடும். எனக்குத் தெரியவும் தெரியாது. எழுதுவதை நிறுத்திய பிறகு எடுக்கும் நகல்தான் கடைசி நகல். அதனால் மே 15-க்குப் பிறகு ஒரு முறை `rsync`-ஐ மறுபடி ஓட்டினேன். மாறிய சில கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு சில நிமிடத்தில் முடித்துவிட்டது.

மே 14 இரவு, எழுத முடிகிற கடைசி இரவு, இன்னொரு வேலை செய்தேன்.

```
cd /data1/pothu/mazhai
find . -type f -print0 | xargs -0 sha256sum > ~/pattiyal.txt
```

ஒவ்வொரு கோப்பையும் முழுதாகப் படித்து, அதிலிருந்து 64 எழுத்து நீளமுள்ள ஒரு குறியீட்டைக் கணக்கிட்டு, கோப்பின் பெயரோடு பட்டியலில் எழுதுகிறது. கைரேகை எடுப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். கோப்பில் ஒரே ஒரு பைட் மாறினாலும் குறியீடு முழுக்க மாறிவிடும். நகல் போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி கணக்கிட்டு ஒப்பிட்டால், வந்தது அதுவேதானா என்று தெரிந்துவிடும். அளவும் எண்ணிக்கையும் சரியாக இருப்பதை வைத்து அதைச் சொல்ல முடியாது.

கல்லூரி தந்த புதிய சர்வருக்கு மேக்கிலிருந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். பட்டியலையும் கொண்டுபோய் வைத்து, ஒப்பிடச் சொன்னேன். பொருந்தாதவற்றை மட்டும் காட்டும்படி:

```
sha256sum --quiet -c ~/pattiyal.txt
```

வரிசையாக வந்தது:

```
sha256sum: ./1978-அக்டோபர்.tif: No such file or directory
./1978-அக்டோபர்.tif: FAILED open or read
```

1978 மட்டுமில்லை. 1961 அக்டோபர் முதல் 1996 அக்டோபர் வரை 36 கோப்புகள். மற்ற பதினொரு மாதங்களில் ஒன்றுகூடத் தவறவில்லை. அக்டோபர் மட்டும் காணோம். இங்கே அது நல்ல மழை மாதம், பதிவேட்டில் கட்டங்கள் நிறைந்து கிடக்கும் மாதம். நெஞ்சு படபடத்தது. ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் 36 கோப்புகளும் கண்ணெதிரே இருந்தன! சொடுக்கினால் திறந்தன. பெயரைத் தட்டச்சு செய்து கேட்டால் மட்டும் அப்படி ஒரு கோப்பே இல்லை என்றது.

புதிய சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பியிடம் தொலைபேசியில் சொன்னேன். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "சார், மத்த மாசத்துப் பேர்ல எதுலயாவது ஓகாரம் இருக்கா?" என்று கேட்டார்.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் என்று சொல்லிப் பார்த்தேன். டிசம்பர் வரை எதிலும் இல்லை. பன்னிரண்டு மாதத்தில் அக்டோபரில் மட்டும்தான் 'டோ' வருகிறது.

நாம் பள்ளியில் 'டோ' எழுதக் கற்றது எப்படி? இரட்டைக்கொம்பு, நடுவில் ட, அப்புறம் கால். யூனிகோடு அதே எழுத்தை எழுத இரண்டு வழிகளை வைத்திருக்கிறது. ஓகாரக் குறிக்கு U+0BCB என்று தனியாக ஒரே எண் உண்டு. இல்லையென்றால் கொம்புக்கு U+0BC7, காலுக்கு U+0BBE என்று இரண்டு எண்களாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்பது யூனிகோடின் விதி. திரையில் ஒரு புள்ளிகூட வித்தியாசம் தெரியாது. வட்டில் இருக்கும் பைட்டுகள் வேறு:

```
டோ   E0 AE 9F  E0 AF 8B
டோ   E0 AE 9F  E0 AF 87  E0 AE BE
```

மேல்வரி பழைய சர்வரில் இருந்தது, விசைப்பலகையில் அடித்தால் வருவதும் அதுதான். கீழ்வரி என் மகளின் மேக் எழுதியது. ஆப்பிளின் பழைய வட்டு அமைப்பான ஹெச்எஃப்எஸ் பிளஸ், கோப்பின் பெயரில் சேர்ந்திருக்கும் எழுத்தை எப்போதும் பிரித்தே எழுதிவைக்கும். எந்த வடிவத்தில் கேட்டாலும் தேடிக் கொடுத்துவிடும் என்பதால் மேக்கில் இருக்கும்வரை குறை எதுவும் தெரியாது. அங்கிருந்து லினக்ஸுக்கு ஏற்றும்போது பிரித்த வடிவம் அப்படியே வந்துவிடும். லினக்ஸோ பெயரை வெறும் பைட் வரிசையாகத்தான் பார்க்கிறது. பைட் வேறென்றால் பெயர் வேறு.

இது ஒகரம், ஓகாரம், ஔகாரம் ஏறிய எழுத்துகளுக்கும் தனி எழுத்தான ஔ-வுக்கும் மட்டும் வரும் சிக்கல். `மழை`யில் உள்ள ஐகாரக் குறி பிரியாது. ஆனால் தோட்டம், கொடி, சோதனை, ஏன், கோப்பு என்ற சொல்லே இதில் மாட்டும். ஆங்கிலப் பெயர் வைத்த என் ஆர்க்கிட் படங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. எனக்கு இதில் கலக்கமாக இருப்பது வேறொன்று. இரண்டு வடிவமும் ஒரே ஃபோல்டரில் வந்து சேர்ந்தால், ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருப்பதாகக் கண்ணுக்குத் தெரியும். இரட்டிப்பாகிவிட்டது என்று ஒருவர் நல்லெண்ணத்தோடு ஒன்றை அழிப்பார். ஒன்று பழையதாகவும் மற்றது திருத்தியதாகவும் இருக்கலாம். எது எது என்று பெயரை வைத்துச் சொல்லவே முடியாது. சந்தேகம் வந்தால் பைட்டுகளைப் பார்த்துவிட வேண்டும்:

```
ls 1978-அ* | hexdump -C
```

சரிசெய்ய `convmv` என்ற சிறு கருவி போதும். பெயரை மட்டும் சேர்ந்த வடிவத்துக்கு மாற்றும், கோப்பின் உள்ளே கை வைக்காது.

```
convmv -r -f utf8 -t utf8 --nfc .
convmv -r -f utf8 -t utf8 --nfc --notest .
```

முதல் வரி எதையும் மாற்றாமல், என்ன மாற்றப்போகிறது என்று மட்டும் காட்டும். அதில் 36 பெயர்கள் வந்தன. இரண்டாம் வரியைக் கொடுத்தேன். மறுபடி பட்டியலோடு ஒப்பிடச் சொன்னேன். சில நிமிடம் ஓடியது, பிறகு ஒரு வரிகூட அச்சிடாமல் நின்றது. எல்லாம் பொருந்தினால் அது எதையும் சொல்லாது.

அன்று மே 27. பழைய சர்வர் இன்னும் நான்கு நாள் ஓடும். பட்டியல் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால், 432 கோப்புகள் இருக்கின்றன, அளவும் சரியாக இருக்கிறது என்று நிம்மதியாக இருந்திருப்பேன். மாதவாரியாக மழையைக் கூட்டும் எங்கள் நிரல், `1978-அக்டோபர்.tif` என்று பெயரைச் சொல்லிக் கேட்கும். இல்லை என்ற பதில் வந்தால் அந்த மாதத்தைப் பதிவில்லாத மாதம் என்று விட்டுவிடும், அப்படித்தான் நாங்கள் எழுதியிருந்தோம். 36 ஆண்டுகளின் சராசரியும் அக்டோபர் இல்லாமலே கணக்காகியிருக்கும்.

மே 31 மாலை ஐந்து மணிக்கு, மலையிலிருந்தபடியே பழைய சர்வருக்கு ஒருமுறை இணைப்புக் கொடுத்துப் பார்த்தேன். பதில் வரவில்லை. அன்றிரவு அந்த மாணவி, பிரிந்த பெயர்களையும் கண்டுகொள்ளும்படி நிரலைத் திருத்தி அனுப்பினார். கீழே ஒரு வரி: "சார், மெயில் லிஸ்ட்ல என் புது அட்ரஸைச் சேர்க்கச் சொல்லிட்டேன்."